எவ்ரி டேயா, எவ்ரிடேயா?

'ஓப்பன் எவ்ரிடே' என்று கடைக்கதவில் எழுதி ஒட்டியிருப்பதை அமெரிக்காவிலும் பார்க்கலாம், இங்கிலாந்திலும் பார்க்கலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அடிக்கடி செய்யும் பிழை இது. எழுத்தில் குறை எதுவும் இல்லை, விடவேண்டிய ஓர் இடைவெளியைத்தான் விட்டுவிட்டார்கள். கடை தினமும் திறந்திருக்கும் என்று சொல்ல 'எவ்ரி டே' எனப் பிரித்து எழுத வேண்டும்.

சேர்த்து எழுதும் 'எவ்ரிடே' ஒரு பெயரடை. சாதாரணமான, வழக்கமான என்பது அதன் பொருள். தனக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால்தான் பெரும்பாலும் அது நிற்கும்: எவ்ரிடே லைஃப், எவ்ரிடே ஷூஸ். பிரித்து எழுதும் 'எவ்ரி டே', ஒரு செயல் எப்போதெல்லாம் நடக்கிறது என்பதைச் சொல்லும். 'ஐ வேர் மை எவ்ரிடே ஷூஸ் எவ்ரி டே' என்ற வாக்கியத்தில் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. வழக்கமாகப் போடும் செருப்பைத்தான் தினமும் போடுகிறேன் என்று பொருள். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் தன் விலைக்கொள்கையை 'எவ்ரிடே லோ பிரைசஸ்' என்று சேர்த்து எழுதுவதும் சரிதான். அங்கே அந்தச் சொல் விலையின் தன்மையைச் சொல்கிறது.

சந்தேகம் வந்தால் நடுவில் 'சிங்கிள்' என்ற சொல்லை நுழைத்துப் பார்க்கலாம். 'ஓப்பன் எவ்ரி சிங்கிள் டே' என்பது இயல்பாக இருக்கிறது, ஆகவே பிரிக்க வேண்டும். 'எவ்ரி சிங்கிள் டே ஷூஸ்' என்பது உளறலாகிவிடுகிறது, ஆகவே சேர்க்க வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. 'தினமும்' பொருந்தும் இடத்தில் இரண்டு சொல், 'அன்றாட' பொருந்தும் இடத்தில் ஒரு சொல். 'கடை அன்றாட திறந்திருக்கும்' என்று நாம் யாரும் எழுதமாட்டோமே!

கணினித் திரையில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. ஓர் இணையதளத்தின் பொத்தானில் `Log in` என்றும் மற்றொன்றில் `Login` என்றும் இருக்கும். உள்ளே நுழை என்ற வினைக்கு இரண்டு சொல். நுழைவுக்கான பெயர், கடவுச்சொல் விவரத்துக்கு ஒரு சொல். செட் அப், பேக் அப், பிக் அப் எல்லாம் இதே வகைதான். இறந்தகாலத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். 'லாக்ட் இன்' என்று சொல்கிறோம், 'லாகின்ட்' என்று சொல்வதில்லை. காலத்தைக் காட்டும் விகுதி 'லாக்' என்பதோடு சேர்வதால், வினையாக வரும்போது அது தனிச்சொல்லாகவே இருந்தாக வேண்டும். 'ஐ பேக்ட் அப் த ஃபைல்ஸ்' என்பதில் பிரிவதும் 'ஐ ஹேவ் எ பேக்கப்' என்பதில் சேர்வதும் இந்தக் கணக்குப்படிதான்.

சில ஜோடிகளில் இடைவெளி போனால் பொருளே தலைகீழாகிவிடும். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் 'ஐ வான்ட் டு பி எ பார்ட் ஆஃப் யுவர் டீம்' என்று எழுத நினைக்கிறார். உங்கள் குழுவில் ஓர் அங்கமாக விரும்புகிறேன் என்பது அவர் கருத்து. 'எ பார்ட்' என்பதைச் சேர்த்து 'அபார்ட்' என்று எழுதிவிட்டால், விலகி, தனியாக என்ற பொருள் கொண்ட சொல் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். இதற்கு அடுத்த சொல்லைப் பார்த்தால் போதும். பின்னால் 'ஆஃப்' வந்தால் பிரிக்க வேண்டும், 'ஃப்ரம்' வந்தால் பெரும்பாலும் சேர்க்க வேண்டும்.

இத்தகைய பிழைகளைக் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி பல நேரம் பிடிப்பதில்லை. இரண்டு வடிவமும் அகராதியில் இருப்பதால் சிவப்புக் கோடு விழாது. காதும் உதவாது, வேகமாகப் பேசும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும்.

எந்தச் சொல்லைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்பது காலத்தோடு மாறியும் வந்திருக்கிறது. இன்று ஒரே சொல்லாக எழுதும் 'டுடே' இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட நடுவே சிறுகோட்டுடன் அச்சானது. 2007-இல் வெளிவந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சுமார் 16,000 சொற்களிலிருந்து அந்தக் கோட்டை எடுத்துவிட்டது. சில சொற்கள் ஒன்றாக இணைந்தன, சில இரண்டாகப் பிரிந்தன. பத்திரிகைகளுக்கு வழிகாட்டும் அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடு 2010-இல்தான் 'வெப்சைட்' என்பதை ஒரே சொல்லாக ஏற்றது.

'எவ்ரி டே' விஷயத்தில் அகராதிகள் இன்னும் இறங்கி வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டும் மெரியம்-வெப்ஸ்டரும் 'எவ்ரிடே' என்பதைப் பெயரடையாகத் தனியே வைத்திருக்கின்றன. தேர்வுத்தாளோ விண்ணப்பமோ எழுதுபவர்கள், பெயர்ப்பலகைகளைப் பார்த்து இந்தச் சொல்லைச் சேர்த்து எழுதிவிட வேண்டாம்.