நாலு பில், நாலு கெடு, ஒரே செக்

மதுரையில் ஒரு துணிக்கடை. சென்னிமலை உற்பத்தியாளர் ஒருவரிடமிருந்து பெட்ஷீட்டும் துண்டும் கடனுக்கு வாங்குகிறது. துண்டுக்கு ஒரு தவணை, பெட்ஷீட்டுக்கு வேறு தவணை. நாலு பில்லுக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்பாமல் ஒரே செக்காகக் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். எந்தத் தேதியில் கொடுத்தால் வட்டி வகையில் இரு பக்கமும் நட்டமில்லை? அந்தத் தேதிக்குத்தான் கணக்கியலில் சராசரித் தவணை நாள் என்று பெயர்.

பில்கள் இவை:

ஏப்ரல் 3: ரூ.40,000, தவணை 30 நாள், கெடு மே 3
ஏப்ரல் 15: ரூ.60,000, தவணை 45 நாள், கெடு மே 30
மே 2: ரூ.25,000, தவணை 15 நாள், கெடு மே 17
மே 10: ரூ.75,000, தவணை 45 நாள், கெடு ஜூன் 24

முதல் வேலை, ஒவ்வொரு பில்லுக்கும் கெடுத் தேதியைக் குறிப்பது. பலர் சறுக்குவது இங்கேதான். தவணை ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்கும்போது பில் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தவறாகிவிடும்.

அடுத்து, கெடுக்களில் முந்தியதான மே 3-ஐ அடிப்படை நாளாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து மற்றக் கெடுக்கள் எத்தனை நாள் தள்ளியிருக்கின்றன? வரிசையாக 0, 27, 14, 52. ஒவ்வொரு பில் தொகையையும் அதன் நாட்களால் பெருக்கினால் 0, 16,20,000, 3,50,000, 39,00,000 என வருகிறது. கூட்டினால் 58,70,000. இதை மொத்தக் கடனான 2,00,000-ஆல் வகுத்தால் 29.35, அதாவது 29 நாள். மே 3-லிருந்து 29 நாள் தள்ளினால் ஜூன் 1. அதுதான் செக் கொடுக்க வேண்டிய தேதி. அடிப்படை நாளாக மே 1-ஐ எடுத்திருந்தாலும் இதே ஜூன் 1தான் வரும். நாட்களைத் தவறாக எண்ணவில்லை என்பதற்கு இது நல்ல சோதனை.

தொகையைப் பார்க்காமல் நாட்களை மட்டும் கூட்டி நாலால் வகுத்தால் 23 நாள், மே 26 என்று வரும். பெரிய பில்லுக்குத்தான் கெடு நீளம் என்பதை அந்தக் கணக்கு கண்டுகொள்வதில்லை. அதை நம்பிக் கொடுத்தால் கடைக்காரர் இரண்டு லட்சத்தையும் ஆறு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுகிறார்.

ஜூன் 1 நியாயமான தேதிதானா? முதல் மூன்று பில்களுக்கும் பணம் முறையே 29, 2, 15 நாள் தாமதம். நாலாவதற்கு 23 நாள் முன்கூட்டியே போகிறது. தாமதத்தின் பெருக்குத்தொகை 16,55,000. முன்கூட்டிக் கொடுத்ததற்கு 17,25,000. 29.35-ஐ 29 ஆக்கியதால் வந்த வித்தியாசம்தான் இந்த 70,000. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் அது சுமார் 23 ரூபாய்.

கடைக்காரர் ஜூன் 1-ல் கொடுக்க முடியாமல் ஜூன் 20-க்குத் தள்ளினால், பில் பில்லாக வட்டி போட வேண்டியதில்லை. இரண்டு லட்சத்துக்கு 19 நாள் வட்டி, 12 சதவீதத்தில் சுமார் 1,249 ரூபாய். இடையில் சரக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தத் தொகையை உரிய பில்லில் கழித்துவிட்டே கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஆனால் வட்டிக் கணக்கு சரியாக இருந்தால் சட்டக் கணக்கும் சரி என்று எண்ணிவிடக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் பணம் போயாக வேண்டும். எத்தனை நாள் பேசியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும்.

சரக்கு பில் தேதியன்றே வந்ததாக வைத்தால், ஜூன் 1 என்பது முதல் பில்லுக்கு 59-ஆவது நாள், இரண்டாவதுக்கு 47-ஆவது நாள். சட்டம் சராசரியைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது. பிப்ரவரி, மார்ச் பில்களில் வரிச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்: கெடு தாண்டி அடுத்த நிதியாண்டில் கொடுத்த தொகையை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும்.

ஆகவே, சரக்கு கொடுப்பவருக்கு உத்யம் பதிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் பில்லுக்குப் பில் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் சராசரித் தவணை நாளைக் கணக்கிட்டு, அந்தத் தேதியை இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு செக் எழுதுங்கள்.