பிந்தி வரும் நிலநடுக்கங்கள்

உலகெங்கும் நிகழும் நிலநடுக்கங்களைப் பட்டியலிட்டு, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறும்படி இணையத்தில் வைத்திருக்கிறது யு.எஸ்.ஜி.எஸ். என்னும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம். எந்த நேரத்திலிருந்து வேண்டும், குறைந்தது எத்தனை மேக்னிடியூட் இருக்க வேண்டும் என்று ஒரு முகவரியில் எழுதி அனுப்பினால் போதும், பட்டியல் வந்துவிடும். இதை நம்பி ஒருவர் எச்சரிக்கைச் செயலி ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். கடைசியாக வெற்றிகரமாக ஓடிய நேரத்தை ஓரிடத்தில் குறித்து வைத்திருக்கும். அடுத்த முறை, அதற்குப் பிறகு நிகழ்ந்தவற்றை மட்டும் கேட்கும்.

```
https://earthquake.usgs.gov/fdsnws/event/1/query
  ?format=geojson&minmagnitude=4.5
  &starttime=2024-05-10T10:00:00
```

கேள்வியில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இந்த நிரல் சில நிலநடுக்கங்களைக் கடைசிவரை பார்க்கவே பார்க்காது.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், கடலடி மலைத்தொடர் ஒன்றின் கீழே 10:03க்கு நிலம் அதிர்கிறது என்று கொள்வோம். 10:10க்கு நிரல் கேட்கிறது. பட்டியலில் அது இன்னும் ஏறவில்லை, அதனால் வெறும் கையோடு திரும்பி, ‘10:10 வரை பார்த்தாயிற்று’ என்று குறித்துக்கொள்கிறது. 10:24க்கு அந்த நிலநடுக்கம் பட்டியலில் ஏறுகிறது. ஏறினாலும் அதன் மேல் இருக்கும் நேரம் 10:03தான். 10:30க்கு ஓடும் நிரல் 10:20க்குப் பிந்தியவற்றைத்தான் கேட்கும். அதற்கு அடுத்தது 10:30க்குப் பிந்தியவற்றை. 10:03ஐ இனி யாரும் கேட்கப்போவதில்லை. ஒவ்வொரு ஓட்டமும் வெற்றி என்றே பதிவாகியிருக்கும், பிழைச்செய்தி ஒன்றும் இருக்காது. விட்டுப்போனது வெளியே தெரியாது என்பதுதான் இந்தக் கோளாறின் கொடுமை.

பதிவு ஏன் பிந்துகிறது? அதிர்வலை பயணம் செய்ய நேரம் பிடிக்கிறது. மிக வேகமான முதன்மை அலையே பூமியை ஊடுருவி மறுபக்கம் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். கலிஃபோர்னியாவில் கருவிகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே விவரம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. நடுக்கடலில் நிகழ்ந்ததற்கோ, தொலைதூர நிலையங்களுக்கு அலை போய்ச் சேர்ந்து, அந்தத் தகவல்கள் ஒன்றுகூடி, பல வேளைகளில் ஒரு நிபுணர் பார்த்த பிறகே பதிவு வெளியாகும். ஒரு பெரிய நிலநடுக்கத்தைத் தொடர்ந்து பின்னதிர்வுகள் அடுக்கடுக்காக வரும்போது ஒன்றின் அலை இன்னொன்றின் மேல் விழுகிறது. அவற்றைப் பிரித்தெடுத்துச் சேர்க்க நாள்கணக்கிலும் ஆகலாம். ஆக, செயலி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் தாமதமும் மிகுதியாக இருக்கும்.

இதற்குக் கைகண்ட மருந்து லுக்பேக் விண்டோ. குறித்து வைத்த நேரத்திலிருந்து கேட்காமல், அதற்கும் இரண்டு மணி நேரம் பின்னால் போய்க் கேட்பது. 10:30 ஓட்டம் 8:20 முதல் கேட்கும், 10:03 பிடிபட்டுவிடும். நிரலில் மாறுவது ஒரு வரிதான், ஆனால் அந்த வரியில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரத்தைக் கடைசி வெற்றி நேரத்திலிருந்து கழிக்க வேண்டும், இப்போதைய நேரத்திலிருந்து அல்ல. இரண்டும் அன்றாடம் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். சர்வர் ஐந்து மணி நேரம் படுத்துவிட்டு எழும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்: ‘இப்போதிலிருந்து இரண்டு மணி நேரம்’ என்று எழுதியவருக்கு நடுவில் மூன்று மணி நேரப் பதிவுகள் காணாமல் போயிருக்கும்.

பின்னால் போய்க் கேட்டால் ஏற்கெனவே பார்த்தவையும் திரும்ப வரும். ஒரே நிலநடுக்கத்துக்குப் பன்னிரண்டு முறை எச்சரிக்கை அனுப்பினால் பயனர் செயலியைத் தூக்கி எறிந்துவிடுவார். எனவே ஒவ்வொரு பதிவின் அடையாளத்தையும் சேமித்து வைத்து, புதியதை மட்டும் எடுக்க வேண்டும். யு.எஸ்.ஜி.எஸ். பட்டியலில் இது கொஞ்சம் கவனம் கேட்கும் வேலை. ஒரே நிலநடுக்கத்தைப் பல வலையமைப்புகள் பதிவு செய்கின்றன, ஒவ்வொன்றும் தனி அடையாளம் தருகிறது. அவற்றில் முதன்மையானது என்று தேர்ந்தெடுக்கப்பட்டதுதான் `id` என்னும் புலத்தில் நிற்கும். வேறொரு வலையமைப்பின் கணிப்பு பின்னர் முதன்மையானால் `id` மாறிவிடும். அதை மட்டும் பார்க்கும் நிரல் பழையதைப் புதியது என்று எண்ணிவிடும். எல்லா அடையாளங்களும் `ids` என்ற புலத்தில் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று நம் கையில் இருந்தாலும் அது பழையது என்று கொள்வதே சரி.

எவ்வளவு பின்னால் போவது? ஊகித்துச் சொல்லத் தேவையில்லை, அளந்து பார்க்கலாம். ஒவ்வொரு பதிவையும் நம் நிரல் முதன்முதலில் கண்ட நேரத்தைச் சேமித்து, நிகழ்ந்த நேரத்தை அதிலிருந்து கழித்தால் தாமதம் கிடைக்கும். சில வாரம் இப்படிச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானவை எதற்குள் அடங்குகின்றன என்று தெரிந்துவிடும். ஆனால் இந்த அளவீடு நம்மை ஏமாற்றக்கூடியது. இரண்டு மணி நேரம் மட்டும் பின்னோக்கும் நிரலின் கண்ணில், அதைத் தாண்டிப் பிந்திய பதிவு படவே படாது, கணக்கிலும் சேராது. ‘எங்கள் தாமதம் எப்போதும் இரண்டு மணி நேரத்துக்குள்தான்’ என்று அறிக்கை அழகாக வரும். ஆகவே நாளுக்கொருமுறை ஏழு நாள் பின்னால் போய்க் கேட்கும் இன்னொரு ஓட்டம் வேண்டும். அதில் புதிதாக அகப்படுபவை, வழக்கமான ஓட்டம் தவறவிட்டவை. அந்த எண்ணிக்கை கூடினால் இரண்டு மணி நேரத்தை நீட்டிக்க வேண்டும். ஐந்து நாள் பிந்திக் கிடைத்ததைச் சேமித்துக்கொண்டால் போதும், நள்ளிரவில் அதற்காக எச்சரிக்கை மணி அடிக்க வேண்டியதில்லை.

பின்னோக்குவதில் மட்டும் தீராத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. முதலில் 4.4 என்று வெளியான நிலநடுக்கம், மறுநாள் ஆய்வுக்குப் பின் 4.6 ஆகத் திருத்தப்படுகிறது. பதிவு நேரத்துக்கே வந்ததுதான், ஆனால் 4.5 என்ற நம் வடிகட்டிக்குள் ஒரு நாள் கழித்தே நுழைகிறது. இதற்கு நிகழ்ந்த நேரத்தை விட்டுவிட்டு, பதிவு மாறிய நேரத்தைக் கேட்க வேண்டும். `updatedafter` என்ற அளபுரு அதற்காகவே இருக்கிறது. பிந்திச் சேர்ந்தது, திருத்தப்பட்டது இரண்டையும் அது தரும். அதோடு `starttime` கொடுக்காமல் விட்டால் 30 நாளுக்குள் நிகழ்ந்தவை மட்டுமே வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

`updatedafter` பயன்படுத்தினாலும் சில நிமிடம் பின்னோக்கிக் கேட்பதையே நான் பரிந்துரைப்பேன். பதிவில் நேர முத்திரை விழுவதும் அது வெளியே தெரிவதும் ஒரே கணத்தில் நடப்பவை அல்ல. நம் சொந்தத் தரவுத்தளத்திலும் இதே கதைதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் `now()` தருவது பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தை. 10:00க்குத் தொடங்கி 10:12க்கு முடியும் பரிவர்த்தனை எழுதிய வரிசையில் 10:00 என்றுதான் இருக்கும், ஆனால் 10:12 வரை அது வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. வரிசை எண்ணை வைத்துக் கேட்டாலும் தப்பமுடியாது, எண்ணும் பரிவர்த்தனை முடிவதற்கு முன்பே வழங்கப்பட்டுவிடுகிறது. அங்கே பின்னோக்கும் அளவு, நடக்கக்கூடிய மிக நீண்ட பரிவர்த்தனையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.