ஒரு சாஷே எதை நிரூபிக்க முடியும்?

தீபாவளி நெருங்கினால் கிள்ளான் லிட்டல் இந்தியாவில், ஜாலான் தெங்கு கிளானா முழுக்கக் கடைகள் முளைத்துவிடும். சேலையும் முறுக்கும் வாங்க வந்தவர் கையில் யாராவது ஒரு குட்டி சாஷேயைத் திணிப்பார்கள். "புது கிரீம்கா, போட்டுப் பாருங்க!" அது கைப்பைக்குள் போகும். பல வீடுகளில் அடுத்த தீபாவளிக்குப் பையை உதறும்போதுதான் வெளியே வரும்.

சொந்தமாகச் சருமப் பராமரிப்புப் பொருள் தயாரித்து விற்கும் நம் இளையோர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிறார்கள். முதலீட்டில் ஒரு பகுதியை இலவச சாம்பிளில் போடுகிறார்கள். அந்தப் பணம் திரும்புமா என்பது சாஷேயை யாரிடம், எந்தப் பொருளுக்கு, எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கடலூர் சொன்ன பாடம்

சாஷே வியாபாரத்தில் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடி. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 1983இல் 15,000 ரூபாயோடு 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். அதுவே பிற்பாடு கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது.

அவர் செய்ததில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. கிராமங்களில் ஒரு சிறுவனை உட்காரவைத்து, எல்லார் முன்னிலையிலும் தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிக் காட்டினார்கள். முடி பளபளப்பதை ஊரே பார்த்தது. அதன் பிறகே சாஷே கைக்குக் கை போனது.

இரண்டாவது, காலி சாஷே திட்டம். எந்த நிறுவனத்தின் ஷாம்பூ சாஷே என்றாலும், ஐந்து காலி உறையைக் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். ஏற்கெனவே காசு கொடுத்து ஷாம்பூ வாங்குகிறவர் யாரோ அவருக்குத்தான் இலவசம் கிடைத்தது. கொஞ்ச காலம் கழித்து, சிக்கின் காலி உறைக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். முதல் கட்டம் புது ஆளைச் சுவைக்க வைத்தது. இரண்டாம் கட்டம் சுவைத்தவரைத் திரும்ப வர வைத்தது.

ஷாம்பூ வேறு, கிரீம் வேறு

ஷாம்பூ ஒரே குளியலில் தன்னைக் காட்டிவிடும். முகக் கிரீம் அப்படியல்ல. கரும்புள்ளி மங்கவும் தோலின் நிறம் சீராகவும் வாரக் கணக்கில் ஆகும். இரண்டு கிராம் சாஷே இரண்டு, மூன்று தடவை பூசுவதற்குள் தீர்ந்துவிடும். அதைப் பூசிவிட்டு "ஒன்றும் தெரியலையே" என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் மேல் குற்றமில்லை.

இங்கேதான் ஆபத்தான குறுக்கு வழி ஒன்று திறக்கிறது. சாம்பிளிலேயே மாற்றம் தெரிய வேண்டும் என்ற அவசரத்தில் சிலர் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கலந்த சரக்கை வாங்கி விற்கிறார்கள். சில நாளில் முகம் வெளுக்கும். அதன் பின் தோல் சிவந்து உரியும். பாதரசம் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நம் தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவான என்.பி.ஆர்.ஏ., இப்படிப்பட்ட கிரீம்களின் பதிவை ரத்து செய்து அவ்வப்போது பெயர்களை வெளியிடுகிறது. மூன்றே நாளில் நிறம் மாற்றும் சாம்பிள் என்றால், அதுவே எச்சரிக்கை மணி.

நேர்மையான சாஷே நிரூபிக்கக்கூடியவை வேறு: பிசுபிசுப்பு, வாசனை, எரிச்சல், நம் ஊர் வெயிலில் வழிகிறதா இல்லையா என்பது. ஆகவே பல பொருள்கள் வைத்திருப்பவர், ஒரே பூச்சில் தன் குணத்தைக் காட்டும் பொருளைத்தான் சாம்பிளாகக் கொடுக்க வேண்டும். நமக்குப் பொருத்தமான உதாரணம் சன்ஸ்கிரீன். மாநிற, கறுப்புத் தோலில் பல சன்ஸ்கிரீன்கள் சாம்பல் பூசியது போல வெள்ளைப் படலம் விடும். படலம் விடாத ஒன்று கிடைத்தால், கண்ணாடியைப் பார்த்த அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். அதுதான் சிறுவனின் தலையைக் கழுவிக் காட்டியதற்கு இணையான காட்சி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு கிராம் சன்ஸ்கிரீன் சாஷே, உறையும் ஸ்டிக்கரும் சேர்த்து 80 சென் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். முகத்துக்கு ஒரு காலைக்கு ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். 50 கிராம் டியூப்பின் விலை 39 ரிங்கிட். செலவு போக 18 ரிங்கிட் நிற்கிறது.

முதல் வழி: சந்தையில் 500 சாஷேயை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுப்பது. செலவு 400 ரிங்கிட். அதை எடுக்கவே 23 பேர் டியூப் வாங்க வேண்டும்.

இரண்டாம் வழி: மூன்று சாஷேயை ஓர் உறையில் போட்டு 2 ரிங்கிட்டுக்கு விற்பது. உள்ளே 2 ரிங்கிட் கழிவுச் சீட்டு. டியூப் வாங்கினால் கொடுத்த காசு திரும்பிவிடும். 150 உறை விற்றால் செலவு 360, வரவு 300. கையைக் கடிப்பது 60 ரிங்கிட் மட்டுமே. கழிவு போக ஒரு டியூப்பில் 16 ரிங்கிட் நிற்பதால், நான்கு பேர் வாங்கினாலே போட்டது வந்துவிடும்.

இரண்டாம் வழியில் குறைவான பேருக்கே பொருள் போய்ச் சேரும். ஆனால் 2 ரிங்கிட் கொடுத்தவர் அதை வீட்டில் பிரித்துப் பூசிப் பார்ப்பார். மூன்று காலை என்பதால் ஒரு நாள் வீட்டிலும், ஒரு நாள் வேலை இடத்திலும், ஒரு நாள் வெயிலிலும் சோதித்துவிடுவார். கடலூரின் காலி உறைத் திட்டம் செய்ததும் இதே வடிகட்டல்தான்.

கழிவுச் சீட்டில் இடத்துக்கு இடம் வேறு எண் இருக்கட்டும். கிள்ளான் சந்தையில் கொடுத்தது எத்தனை திரும்பியது, பிரிக்பீல்ட்ஸில் கொடுத்தது எத்தனை என்று அப்போதுதான் தெரியும். அதோடு நிறுத்திவிடவும் கூடாது. தினம் ஒரு கிராம் பூசினால் டியூப் 50 நாளில் தீரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கழிவே இல்லாமல் எத்தனை பேர் இரண்டாவது டியூப் வாங்குகிறார்கள் என்பதே உண்மையான விடை. சீட்டுக்கு நிறைய பேர் வந்து, அதன் பின் யாரும் வரவில்லை என்றால் கோளாறு சாம்பிளில் இல்லை, டியூப்புக்குள் இருக்கிறது.

கெட்டுப்போகும் இடங்கள்

பெரிய டப்பாவிலிருந்து வீட்டு மேசையில் குட்டிக் குப்பிகளில் எடுத்து அடைக்காதீர்கள். கை பட்டாலும் ஈரம் பட்டாலும் கிருமி சேரும். தயாரிக்கும் ஆலையிலேயே அலுமினியப் படலம் உள்ள உறையில் அடைத்து வாங்குவதே பாதுகாப்பு. சரக்கு வந்ததும் பத்து சாஷேயை எடுத்துப் பகல் முழுக்க வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் எண்ணெய் கசிந்தாலோ, பிரித்தால் தண்ணீர் தனியாக நின்றாலோ, வாடிக்கையாளர் கைப்பையிலும் அதே கதைதான்.

சாம்பிள் என்பதால் சட்டம் விலகிவிடாது. பொருளுக்கு என்.பி.ஆர்.ஏ. அறிவிக்கை எண் இருக்க வேண்டும். அது NOT என்று தொடங்கி K என்று முடியும். சாஷே சிறியது என்றாலும் பொருளின் பெயரும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் அதன் மேலேயே வேண்டும். மற்ற விவரங்களைக் கூட வரும் துண்டுச் சீட்டில் தரலாம்.

அந்தச் சீட்டில் இன்னொரு வரியும் சேருங்கள்: முகத்தில் பூசும் முன் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் பாருங்கள். ஒவ்வாமை சிலருக்கு மறுநாளுக்குப் பிறகே தெரியும். சாஷே வாங்கிய வாசகர்களும் இதையே செய்யலாம். அரிப்போ சிவப்போ வந்தால், இழப்பு 2 ரிங்கிட்டோடு முடிந்துவிடும்.