சிக்னல் இல்லாத மலையில் ஓர் எடைக் கணக்கு

மலைச்சரிவில் தேயிலை எடை போடுபவர் செயலியில் 18 கிலோ என்று பதிகிறார். சிக்னல் இல்லை. ஒழுங்காக எழுதிய செயலி சர்வரைத் தேடிக்கொண்டு நிற்காது. போனுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எடையை எழுதிவிடும். கூடவே ‘இதை அனுப்ப வேண்டும்’ என்ற குறிப்பை இன்னொரு அட்டவணையில் போடும். இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாக எழுத வேண்டும். இல்லையென்றால் நடுவில் பேட்டரி தீரும்போது எடை இருக்கும், குறிப்பு இருக்காது. அந்த 18 கிலோ சர்வருக்குப் போகவே போகாது.

சிக்னல் வந்ததும் குறிப்புகள் வரிசையாகக் கிளம்புகின்றன. வில்லங்கமே இங்கேதான். சர்வர் எடையை ஏற்றுக்கொண்டது, ஆனால் ‘கிடைத்தது’ என்ற பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. போன் மறுபடி அனுப்பும்; கணக்கு 36 ஆகிவிடும்! அதனால்தான் ஒவ்வொரு பதிவுக்கும் யூயூஐடி என்னும் தனி அடையாளத்தை, பதியும்போதே போன் உருவாக்கிக்கொள்கிறது. அதே அடையாளம் இரண்டாம் முறை வந்தால் சர்வர் எதையும் சேர்க்காமல் ‘கிடைத்தது’ என்று மட்டும் சொல்லும்.

ஒரே எடையை இருவர் இரண்டு போன்களில் திருத்தினால்? கடைசியாக வந்ததே செல்லும் என்று பல செயலிகள் விட்டுவிடுகின்றன. கூலிக் கணக்கில் அது எனக்குச் சரியாகப் படவில்லை. பழையதை அழிக்காமல் ‘2 கிலோ குறைவு’ என்று புதிய பதிவாகச் சேர்த்தால், இரண்டு திருத்தங்களும் மேற்பார்வையாளர் கண்ணில் படும்.