சுக்கிரன் நீசமா? கொஞ்சம் பொறுங்கள், ஷட்பலத்தையும் பாருங்கள்!

"பையனுக்கு சுக்கிரன் நீசம். வேண்டாம், வேற ஜாதகம் பார்ப்போம்." கட்டத்தில் கன்னி ராசியில் 'சுக்' என்ற எழுத்தைப் பார்த்ததுமே கைநழுவிப் போன வரன்கள் ஏராளம். ஆனால், ராசிக்கட்டம் சொல்வது சுக்கிரனின் பலத்தில் ஒரு பங்கை மட்டுமே. முழுக் கணக்குக்குப் பெயர் ஷட்பலம்.

ஏன் சுக்கிரன்?

திருமணத்துக்கு 7-ம் இடத்தையும் அதன் அதிபதியையும் பார்ப்பது வழக்கம். அந்த அதிபதி லக்னத்துக்கு லக்னம் மாறுவார். சுக்கிரனோ எல்லோருக்கும் பொதுவான களத்திரகாரகன். ஈர்ப்பு, அன்யோன்யம், வீட்டு சுகம் ஆகிய மூன்றையும் ஜோதிட நூல்கள் அவரிடமே ஒப்படைத்திருக்கின்றன. அதனால்தான், தாம்பத்திய சுகம் என்றதும் ஜோதிடர்கள் முதலில் அவருடைய பலத்தைத் தேடுகிறார்கள்.

ஸ்தானம், திக்கு, காலம், சேஷ்டை, நைசர்க்கிகம், திருக்கு என ஆறு பலங்களைக் கூட்டுவதே ஷட்பலம். அதாவது இருக்கும் இடம், திசை, பிறந்த நேரம், கிரகத்தின் ஓட்டம், இயற்கை ஒளி, பிற கிரகங்களின் பார்வை. அளவின் பெயர் விரூபம். 60 விரூபம் சேர்ந்தால் 1 ரூபம். சுக்கிரனுக்குத் தேவை 330 விரூபம், அதாவது ஐந்தரை ரூபம்.

இரண்டு ஜாதகங்கள், ஒரு கணக்கு

மாதிரிக்கு, மிதுனம் 12 பாகையில் லக்னம் அமைந்த இரண்டு ஜாதகங்களை எடுத்துக்கொள்வோம். 4-ம் இடத்தின் மையம் கன்னி 12 பாகை, 10-ம் இடத்தின் மையம் மீனம் 12 பாகை என்று வைத்துக்கொள்வோம். முதல்வருக்கு சுக்கிரன் கன்னி 12-ல் நீசம். இரண்டாமவருக்கு மீனம் 24-ல் உச்சம்.

முதலில் உச்ச பலம். சுக்கிரனின் பரம நீசப் புள்ளி கன்னி 27 பாகை. அங்கிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறாரோ, அதை மூன்றால் வகுக்க வேண்டும். முதல்வருக்கு 15 பாகை விலகல், ஆக 5 விரூபம். இரண்டாமவருக்கு 177 பாகை, ஆக 59. இதுவரை, ஊர் சொல்வது சரிதான்.

அடுத்தது திக் பலம். சுக்கிரனுக்கு 4-ம் இடத்தில் முழு பலம், 10-ம் இடத்தில் பூஜ்யம். 10-ம் இடத்து மையத்திலிருந்து விலகிய தூரத்தை மூன்றால் வகுத்தால், முதல்வருக்கு 60 விரூபம். உச்சம் பெற்ற இரண்டாமவருக்கு வெறும் 4. இரண்டையும் கூட்டுங்கள்: நீச சுக்கிரனுக்கு 65, உச்ச சுக்கிரனுக்கு 63!

இருவருக்குமே சுக்கிரன் கேந்திரத்தில் இருப்பதால் ஆளுக்கு 60. இரட்டைப்படை ராசி என்பதால் ஆளுக்கு 15. இயற்கை பலம் எல்லோருக்கும் ஏறக்குறைய 43. ஆக, நீசம் என்று ஒதுக்கப்பட்டவர் இதற்குள்ளேயே 183 விரூபத்தை எட்டிவிட்டார். இரண்டாமவர் 181.

ஆனால், இத்துடன் முடிவு கட்டிவிடக் கூடாது. சுக்கிரன் சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. அதனால் 4-ல் சுக்கிரன் இருப்பவர் நள்ளிரவையொட்டியும், 10-ல் இருப்பவர் நண்பகலையொட்டியும் பிறந்திருப்பார்கள். பகல் பிறப்பில் சுக்கிரனுக்கு பலம் அதிகம். உச்சிவேளையில் 60, நள்ளிரவில் பூஜ்யம். இங்கே இரண்டாமவர் முந்திவிடுவார். முதல்வருக்கு சுக்கிரன் வக்கிரகதியில் இருந்தால் சேஷ்ட பலம் 60 வரை கிடைத்து அதை ஈடுகட்டலாம். இப்படி ஆறையும் கூட்டிய பிறகுதான் 330-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கே தவறு நேரும்?

பிறந்த நேரத்தில். லக்னம் மிதுனத்தின் கடைசி பாகையில் இருந்து, நேரம் சில நிமிடங்கள் தள்ளிப்போனால் கடக லக்னம் ஆகிவிடும். கன்னி 4-ம் இடமாக இல்லாமல் 3-ம் இடமாகிவிடும். கேந்திரத்துக்குக் கிடைத்த 60 சட்டென்று 15 ஆகும். லக்னம் ராசியின் ஓரத்தில் இருந்தால், மருத்துவமனைக் குறிப்பில் உள்ள நேரத்தைச் சரிபார்த்த பிறகே கணக்கை நம்ப வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் இரண்டிலும் கிரக பாகைகள் வேறுபடலாம் என்பதால், இரு ஜாதகங்களையும் ஒரே முறையில் கணிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஷட்பலம் சுக்கிரனின் சக்தியைச் சொல்லும். அந்தச் சக்தி நல்லதுக்கா, கெட்டதுக்கா என்று சொல்லாது. சூரியனுக்கு மிக அருகில் அஸ்தங்கம் ஆனதற்கும் இதில் தனிக் கழிவு கிடையாது. அதனால் 7-ம் அதிபதி, நவாம்சம், நடக்கும் தசை ஆகியவற்றையும் சேர்த்தே ஜோதிடர் பலன் சொல்வார்.

ஆகவே அடுத்த முறை "சுக்கிரன் நீசம்" என்று யாராவது சொன்னால், "மொத்தம் எத்தனை ரூபம்?" என்று கேளுங்கள். அதற்கு அப்புறம், பையனும் பெண்ணும் உட்கார்ந்து பேசட்டும். எந்தக் கட்டத்திலும் எழுதாத விஷயங்கள் அந்தப் பேச்சில்தான் தெரியவரும்.