உங்கள் போன் அந்தப் பட்டியலில் இருக்கிறதா?

சாம்சங் கேலக்ஸி நோட் 7 கடைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 19-இல். இரண்டு வாரம்தான் ஓடியது. செப்டம்பர் 2 அன்று சோலில் பத்திரிகையாளர்களைக் கூட்டிய நிறுவனம், 35 போன்களில் பேட்டரி கோளாறு வந்திருப்பதாகவும், விற்பனையை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் வேறு போன் மாற்றித் தரப்போவதாகவும் அறிவித்தது. அதுவரை வெளியே போயிருந்தவை சுமார் 25 லட்சம்.

பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. என் கையில் இருப்பது அதில் சேர்ந்ததா? இன்று, இப்போதே நான் என்ன செய்ய வேண்டும்? என் பணம் என்ன ஆகும்? நோட் 7 விஷயத்தில் இந்த மூன்றுமே ஏதாவது ஒரு கட்டத்தில் சறுக்கின. அதனால்தான் ஓர் அறிவிப்பை எப்படி எழுத வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதல் அறிவிப்பு இரண்டாவது கேள்வியைத்தான் கோட்டைவிட்டது. வரும் வாரங்களில் மாற்றித் தருகிறோம் என்று சொன்னதே தவிர, அதுவரை போனை அணைத்து வையுங்கள் என்று சொல்லவில்லை. படித்தவர் என்ன செய்வார்? வழக்கம்போல இரவில் தலைமாட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவார். அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள் என்ற சொல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமிருந்து வந்தது செப்டம்பர் 9-இல்தான். நடுவே ஒரு வாரம் போயிருந்தது.

செப்டம்பர் 15-இல் அந்த ஆணையம் முறைப்படி வெளியிட்ட அறிவிப்பு வேறு தரத்தில் இருந்தது. அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் போன்கள். விலை 850 முதல் 890 டாலர் வரை. ஆபத்து, பேட்டரி சூடேறித் தீப்பிடிப்பது. இதுவரை 92 புகார்கள், அவற்றில் 26 பேருக்குத் தீக்காயம். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள், அணைத்துவிடுங்கள், வாங்கிய இடத்திலேயே முழுப் பணத்தையோ மாற்றுப் போனையோ கேளுங்கள் என்று நேராகச் சொன்னது. 'வாய்ப்பிருக்கலாம்', 'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' போன்ற மழுப்பல் வாக்கியங்களுக்கு அதில் இடமே இல்லை. எத்தனை பேருக்குக் காயம் என்று எண்ணிக்கையோடு சொன்னால்தான் வாங்கியவர் எழுந்து கடைக்குப் போவார்.

இனி முதல் கேள்வி. பிஸ்கட், மருந்து என்றால் அட்டையில் பேட்ச் எண் இருக்கும். போனுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. போனின் பின்புறத்திலும் பெட்டியிலும் அச்சாகியிருக்கும். *#06# என்று அழுத்தினாலும் திரையில் வரும். அதைச் சொன்னால் உங்கள் போன் பட்டியலில் உண்டா இல்லையா என்று நிறுவனம் சொல்லிவிடும். எல்லோரும் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதால், கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள இரண்டு அடையாளங்களும் வைத்தார்கள். மாற்றிக் கொடுத்த போனில் பேட்டரிக் குறி பச்சை நிறத்தில் தெரியும், பழையதில் வெள்ளை. புதிய பெட்டியின் லேபிளில் சின்னதாக ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும். அடையாளம் என்ற அளவில் அருமையான யோசனை. குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

ஆனால் அந்தப் பச்சை நிறம் சொன்ன சேதி தவறு.

போன்களில் இரண்டு நிறுவனங்களின் பேட்டரிகள் இருந்தன. எரிந்தவை ஒரு நிறுவனத்தின் பேட்டரி உள்ளவை என்று கண்டு, மாற்றுப் போன்கள் எல்லாவற்றிலும் மற்ற நிறுவனத்தின் பேட்டரியைப் போட்டார்கள். ஏன் எரிந்தது என்ற காரணம் அப்போது உறுதியாகவில்லை. எந்தப் பேட்டரி எரிந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றது நல்லது என்று முடிவுகட்டிவிட்டார்கள். இந்தியாவில் அப்போது விற்பனையே தொடங்கவில்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்களை நினைத்து, விமானத்தில் நோட் 7-ஐப் பயன்படுத்தக் கூடாது என்று நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டிருந்தது. செப்டம்பர் இறுதியில் பச்சைக் குறி உள்ளவற்றுக்கு மட்டும் அதைத் தளர்த்தியது. அரசு அலுவலகங்களும் அந்த ஒரு நிறத்தைத்தான் நம்பின.

அக்டோபர் 5. அமெரிக்காவின் லூயிவில் விமான நிலையத்தில் கிளம்பத் தயாராக நின்ற விமானத்தில் ஒரு பயணியின் நோட் 7 புகையத் தொடங்கியது. பயணிகள் அனைவரையும் இறக்கினார்கள். அது மாற்றிக் கொடுத்த போன்: பெட்டியில் கறுப்புச் சதுரம், திரையில் பச்சைக் குறி. அதன்பின் ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. அக்டோபர் 11-இல் தயாரிப்பையே கைவிட்டார்கள். 13-ஆம் தேதி வந்த புதிய அறிவிப்பில் பழையது, மாற்றியது என்ற பாகுபாடு கிடையாது; அமெரிக்காவின் 19 லட்சம் நோட் 7-ம் அதில் அடக்கம்.

உண்மைக் காரணம் வெளியானது 2017 ஜனவரி 23-இல். இரண்டு லட்சம் போன்களையும் முப்பதாயிரம் பேட்டரிகளையும் சோதித்துப் பார்த்தபின் தெரிந்தது, குறை ஒன்றல்ல, இரண்டு. பேட்டரிக்குள் இரண்டு மின்தகடுகளையும் ஒன்றோடொன்று தொடாமல் ஒரு மெல்லிய படலம் பிரித்து வைக்கிறது. முதல் நிறுவனத்தின் பேட்டரியில் உறை இடம் போதாமல், மேல் மூலையில் தகடு மடங்கியிருந்தது. இரண்டாவதில் பற்றவைத்த இடத்தில் உலோகம் முள்ளாகத் துருத்தி நின்று படலத்தைக் கிழித்தது. சிலவற்றில் காப்பு டேப்பே ஒட்டவில்லை. ஆக, முதல் குறையைத் தேடியவர்கள் கண்ணில் இரண்டாவது பட வழியே இல்லை.

இங்கேதான் பணம் பற்றிய கேள்விக்கு வருகிறோம். செப்டம்பரில் மாற்றுப் போன் வாங்கியவர் மறுபடி ஆபத்தையே வீட்டுக்குக் கொண்டுபோனார்; பணத்தைத் திரும்பக் கேட்டவர் தப்பினார். காரணம் உறுதியாகாத நிலையில் வரும் எந்த அறிவிப்பிலும் பணத்தைத் தருவதுதான் முதலில் வர வேண்டும், மாற்றுப் பொருள் அடுத்ததாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்குபவரும் அப்படியே தேர்ந்தெடுக்கலாம். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 20-ஆம் பிரிவில், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் வாங்கியவருக்கு விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. கடைக்காரர் தட்டிக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில்லையும் பெட்டியையும் பத்திரப்படுத்தியவருக்கு வேலை சுலபம்.

திருப்பி அனுப்புவதும் லேசாக இல்லை. சாதாரண கூரியர் பையில் போடக் கூடாது, விமானத்தில் ஏற்றக் கூடாது. அதனால் வெப்பம் தாங்கும் காகிதம் உள்ளே ஒட்டிய பெட்டியையும் ஒரு ஜோடி கையுறையையும் வாங்கியவர் வீட்டுக்கே அனுப்பினார்கள். பெட்டிக்குள் பெட்டியாக வைத்து மூடி, தரைவழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்பது விதி. சாம்சங்கின் வேறு போனுக்கு மாறியவர்களுக்கு 100 டாலர் வரை கூடுதலாக விட்டுக்கொடுத்தார்கள். பணமாகத் திரும்பப் பெற்றவர்களுக்கும் 25 டாலர் கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகும் திருப்பித் தராதவர்கள் இருந்தார்கள். டிசம்பர் 19 முதல் அமெரிக்காவில் அந்தப் போன்கள் சார்ஜே ஏறாதபடி செய்யும் மென்பொருளை அனுப்ப முடிவாயிற்று. வெரைசன் நிறுவனம் முதலில் மறுத்தது: பண்டிகைப் பயணக் காலத்தில் அவசரத்துக்கு அழைக்க வழியில்லாமல் யாரும் தவிக்கக் கூடாது என்றது. பின்னர் அதுவும் ஜனவரி தொடக்கத்தில் அனுப்பியது. ஜனவரி இறுதியில் கணக்குப் பார்த்தபோது விற்ற சுமார் 30 லட்சம் போன்களில் 96 சதவீதம் திரும்ப வந்திருந்தன.