உஷார்! நிலக்கீழ் பார்க்கிங்கில் அலைவரிசை தேடாதீர்கள்

பியர்ஃபித்-சூர்-செய்னிலிருந்து லாச்சப்பலுக்குப் பழைய ரேடியோ உள்ள காரில் போகிறவர்களே, கவனம்! எட்டு யூரோவுக்கு ஒரு எஃப்.எம். ட்ரான்ஸ்மிட்டர் வாங்கினேன். வீட்டு நிலக்கீழ் பார்க்கிங்கில் 105.3 வெறுமையாக இருந்தது, பாட்டும் துல்லியமாகக் கேட்டது. வெளியே வந்து சென்-தெனி தாண்டுவதற்குள் ஒரே இரைச்சல். பாட்டுக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். போர்த் த லா சப்பல் நெருங்கும்போது திடீரென்று ஒரு பிரெஞ்சுக் குரல் காதைப் பிளந்தது. கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவிவிட்டது.

நிலத்துக்கு அடியில் வானொலி அலை வருவதில்லை. அங்கே எல்லா எண்ணும் காலியாகத்தான் தெரியும். பாரிஸில் 105.1 ஃபிப், 105.5 பிரான்ஸ் இன்ஃபோ. இரண்டுக்கும் நடுவே இருப்பது 105.3. காலி போலத் தோன்றினாலும், இருபக்கத்து அலையும் அதற்குள் கசியும். ஐரோப்பாவில் இந்தக் கருவிகளுக்கு அனுமதித்த சக்தி 50 நானோவாட் மட்டுமே, அதாவது ஒரு வாட்டில் இரண்டு கோடியில் ஒரு பங்கு. ஐஃபில் கோபுரத்து அலையோடு அது மோத முடியாது.

ஆகவே லாச்சப்பல் பக்கமாகக் காரை நிறுத்தி, ட்ரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள். ஒரு எண்ணில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் மட்டும் கேட்டால் போதாது. அதற்கு 0.2 மேலேயும் கீழேயும் ஒரு குரலும் இருக்கக்கூடாது. பிறகு கருவியைச் செருகி, பாட்டுப் போடாமல் அதே எண்ணுக்கு வையுங்கள். 'ஸ்ஸ்' முழுக்க அடங்கினால் அந்த எண் உங்களுடையது. அரைகுறையாக அடங்கினால் வேண்டாம். பாரிஸுக்குள் அப்படி ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். ரேடியோவில் ஆக்ஸ் துளை இருந்தால் வயரே மேல். இரைச்சல் தாங்காமல் இயர்ஃபோன் மாட்டிவிடாதீர்கள். 2015 ஜூலை 1 முதல் அதற்குத் தடை. பிடிபட்டால் 135 யூரோவும் மூன்று புள்ளியும் போகும்.

எண்ணை மாற்றியும் 'ஙீ...' என்று ஒரு முனகல் விடாமல் வருகிறதா? நியூட்ரலில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். முனகலும் கூடவே உயர்ந்தால் அது அலைவரிசைக் குற்றமல்ல, ஆல்டர்னேட்டர் சத்தம் மின்கம்பி வழியாக வருகிறது. என் காரில் போனின் சார்ஜ் வயரைப் பிடுங்கியதும் நின்றது. பாட்டு ப்ளூடூத்தில் போகட்டும், சார்ஜைப் பயணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். 87.8 பிரான்ஸ் இன்டரைப் போட்டுக்கொண்டு கருவியை வேறு எண்ணில் செருகுங்கள். அந்த நிலையமே கரகரத்தால், உள்ளே 12 வோல்ட்டை 5 ஆக்கும் மலிவுச் சுற்றுதான் அலையைக் கக்குகிறது. எந்த எண்ணாலும் அதைச் சரிசெய்ய முடியாது, திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, கருவியை அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது 'கர்' என்று வெடித்தால் சொக்கெட்டுக்குள் தொடுகை தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இடம் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு கழற்றி, முனையை விரலால் தொடுங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடென்றால் மறுபடி செருகவே வேண்டாம்.